120-க்குக் கிடைத்த பங்கு எனக்கு 164-க்கு வந்த கதை

ஒரு கம்பெனி புதுப் பங்குகளைக் குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமையைத் தன் பங்குதாரர்களுக்கே கொடுப்பதை ரைட்ஸ் என்பார்கள். முதல் முறை அது எனக்கு வந்தபோது நான் எதுவுமே செய்யவில்லை. பங்குக் கணக்கில் புதிதாக ஒரு வரி வந்து உட்கார்ந்திருந்தது, கம்பெனியின் பெயர்தான், பின்னால் ஏதோ எழுத்துகள் கூடுதலாக. ஏதாவது கணக்குக் குளறுபடியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் மின்னஞ்சல் வந்தது, படித்தேன், "விருப்பம் இருந்தால் பணம் கட்டி வாங்கலாம்" என்று புரிந்துகொண்டேன். எனக்கு விருப்பமில்லை, அதனால் நஷ்டமும் இல்லை, இதுதான் அன்றைய என் தர்க்கம். மூன்று வாரம் கழித்து அந்த வரி காணாமல் போனது. அதற்கு முன்னால் பங்கின் விலையும் ஒரே நாளில் இறங்கியிருந்தது, அதைச் சந்தையின் மனநிலை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே விஷயம் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது: பங்கிலிருந்து பிரிந்து போன மதிப்புதான் அந்த வரியில் உட்கார்ந்திருந்தது, நான் அதைக் காலாவதியாக விட்டேன்.

இதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. பிரிட்டனில் வழக்கமான ரைட்ஸ் இஷ்யூவில், யாரும் எடுக்காத பங்குகளைக் கடைசியில் மொத்தமாக விற்று, வெளியீட்டு விலைக்கு மேல் கிடைத்ததைத் தூங்கிப்போன பங்குதாரருக்கே அனுப்பிவிடுவார்கள். இந்தியாவில் அப்படி இல்லை, பணமும் கட்டாமல் விற்கவும் செய்யாமல் விட்டால் உரிமை செத்துப்போகும், அவ்வளவுதான். உங்கள் சந்தையில் எது என்று வெளியீட்டு ஆவணத்தில் முதலில் பாருங்கள். சில வெளியீடுகளில் உரிமையை விற்கவே முடியாது, அப்போது கட்டுவதா விடுவதா என்ற கேள்வி மட்டும்தான் மிச்சம்.

இரண்டாவது முறை கொஞ்சம் உஷாராக இருந்தேன். அந்தக் கணக்கைத்தான் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

என்னிடம் 600 பங்குகள். சந்தை விலை 190. ஐந்து பங்குக்கு இரண்டு என்ற விகிதத்தில் ரைட்ஸ், ஒரு புதுப் பங்கின் விலை 120. ஆக எனக்கு 240 உரிமைகள், எல்லாவற்றையும் எடுத்தால் 28,800 கட்ட வேண்டும். அலுவலக நண்பர் ஒருவர் உடனே சொன்னார், "190 போகிற பங்கு 120-க்கு வருகிறது, ஒன்றுக்கு 70 லாபம், யோசிக்காமல் போடுங்கள் சார்." கேட்க இனிமையாக இருந்தது. 240 பெருக்கல் 70, பதினாறாயிரத்துக்கு மேல்.

ஆனால் அந்த 190 என்பது உரிமை ஒட்டியிருக்கும் பங்கின் விலை. எக்ஸ் தேதி வந்ததும் உரிமை தனியாகப் பிரிந்துவிடும், பங்கு இளைத்துவிடும். எவ்வளவு இளைக்கும்? ஐந்து பழைய பங்கு, ஒன்று 190 வீதம் 950. அதோடு புதுப் பணம் இரண்டு பங்குக்கு 240. மொத்தம் 1,190, இப்போது ஏழு பங்குகள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏழால் வகுத்தால் 170. இதைத்தான் டெர்ப் என்று சொல்கிறார்கள், உரிமை பிரிந்த பிறகு பங்கு எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு விலை. அப்போது ஒரு உரிமையின் மதிப்பு 170 கழித்தல் 120, அதாவது 50. எழுபது இல்லை.

சரிபார்த்துக்கொள்வது சுலபம். முன்னால் என்னிடம் இருந்தது 600 பெருக்கல் 190, அதாவது 1,14,000. பிரிந்த பிறகு 600 பங்கு 170 வீதம் 1,02,000, உரிமைகள் 240 பெருக்கல் 50 என்று 12,000. கூட்டினால் அதே 1,14,000. யாரும் எனக்கு எதையும் இனாமாகக் கொடுக்கவில்லை. தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு உரிமையின் மதிப்பு கூடும், அதே அளவு பங்கின் விலை குறையும், ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடுவதுதான். தள்ளுபடி ஆழமாக இருந்தால் கம்பெனி தாராளம் என்றும் அர்த்தமில்லை, பெரும்பாலும் வெளியீடு எடுபடாமல் போய்விடக்கூடாது என்ற பயம்தான் காரணம்.

இந்த 50 ஒரு புதுப் பங்கை வாங்கும் உரிமைக்கான மதிப்பு என்பதைக் கவனியுங்கள். பழைய பங்கு ஒன்றுக்கு என்று பார்த்தால் 190 கழித்தல் 170, அதாவது 20. அமெரிக்காவில் பெரும்பாலும் பழைய பங்கு ஒன்றுக்கு ஒரு உரிமை என்று கொடுத்துவிட்டு, இத்தனை உரிமை சேர்ந்தால் ஒரு புதுப் பங்கு என்று வைப்பார்கள். அங்கே திரையில் தெரிகிற விலை இந்த 20-க்குச் சமமானது. எது எதற்கான விலை என்று தெரியாமல் ஒப்பிட்டால் உரிமை பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று தோன்றும், கிடைக்காது.

சரி, எக்ஸ் தேதி வந்தது. பங்கு 172-ல் திறந்தது, பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் "பத்து சதவீதம் விழுந்துவிட்டது" என்றார்கள். விழவில்லை, கணக்கு விலைக்கு மேல் இரண்டு நின்றது. அன்றோடு 170-க்கு வேலை முடிந்தது. டெர்ப் என்பது பிரிவதற்கு முன்னால் போடும் மதிப்பீடு மட்டும்தான். பங்கும் உரிமையும் தனித்தனியாக வியாபாரமாக ஆரம்பித்த பிறகு கண் முன்னால் இருக்கிற விலையைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து பங்கு 168, உரிமை 44. பங்கின் விலையில் 120-ஐக் கழித்தால் 48 வர வேண்டும், 44-தான் இருந்தது.

இங்கேதான் எனக்குள் ஒரு திருகல் விழுந்தது, என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. நான் பணம் கட்டினால் புதுப் பங்கு எனக்கு 120-க்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. கையில் இருக்கும் உரிமையை 44-க்கு விற்க முடியும், அதை விற்காமல் பயன்படுத்துகிறேன் என்றால் அந்த 44-ஐயும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். ஆக எனக்கும் சரி, என்னிடமிருந்து உரிமையை வாங்கி பணம் கட்டப் போகும் முகம் தெரியாத ஆளுக்கும் சரி, புதுப் பங்கின் அடக்கம் ஒன்றுதான்: 164. பழைய பங்குதாரர் என்பதால் எனக்குச் சலுகை விலை எதுவும் இல்லை. எனக்கு வந்த சலுகை அந்த 44, அதைப் பணமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அப்படிப் பார்த்ததும் "கட்டுவதா விற்பதா" என்ற ஒரே குழப்பம் இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரிந்தது. ஒன்று, இந்தக் கம்பெனியில் இப்போதைய விலையில் இன்னும் 240 பங்கு எனக்கு வேண்டுமா? இது உரிமையைப் பற்றிய கேள்வியே இல்லை, கம்பெனியைப் பற்றியது, பணத்தை எதற்குத் திரட்டுகிறார்கள் என்பதைப் பற்றியது. இவர்கள் கடனை அடைக்கத்தான் திரட்டினார்கள், அதில் எனக்கு வருத்தமும் இல்லை, பெரிய உற்சாகமும் இல்லை. இரண்டு, வேண்டும் என்றால் எந்த வழியில் வாங்குவது மலிவு, வேண்டாம் என்றால் எந்த வழியில் வெளியேறுவது லாபம்?

இரண்டாவது கேள்வியில் 48-க்கும் 44-க்கும் நடுவே இருக்கும் அந்த 4 எனக்கு ஆசை காட்டியது. புதுப் பங்கு வேண்டாம் என்பவர் உரிமையை 44-க்கு விற்பதற்குப் பதில் இன்னொன்று செய்யலாம்: பழைய பங்கில் 240-ஐ இன்றே 168-க்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் 120 வீதம் கட்டி 240 புதுப் பங்கு வாங்கிக்கொள்ளலாம். கடைசியில் பங்கு எண்ணிக்கை அதே 600, கையில் பங்குக்கு 48 மிச்சம். உரிமையை நேரடியாக விற்றால் 44. மொத்தம் 960 வித்தியாசம். பழைய பங்கை இன்றைக்கே விற்றுவிடுவதால் விலை ஏறி இறங்குவதைப் பற்றிய கவலையும் கிட்டத்தட்ட இல்லை. மிகப் புத்திசாலியாக உணர்ந்தேன்.

உரிமை ஏன் இப்படி மலிவாகப் போகிறது என்றும் ஒரு விளக்கம் கையில் வைத்திருந்தேன். ஆயிரக்கணக்கான சிறு பங்குதாரர்களுக்குக் கட்டப் பணமில்லை அல்லது மனமில்லை, எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வேண்டியிருக்கிறது. மறுபக்கம் வாங்குபவர் அடுத்த சில நாளில் ஒன்றுக்கு 120 வீதம் கட்டத் தயாராக இருக்க வேண்டும். பங்கைக் கடன் வாங்கி விற்று, உரிமையை வாங்கி, இந்த இடைவெளியை மூடுகிற ஆட்கள் உண்டுதான், ஆனால் கடனுக்குப் பங்கு கிடைத்தால்தான் அது நடக்கும். பழைய பங்கைக் கையில் வைத்திருக்கும் எனக்கோ அந்தக் கடனே தேவையில்லை. விளக்கம் தப்பில்லை. ஆனால் அந்த 4-க்கு முக்கால்வாசிக் காரணம் அது இல்லை.

விற்கும் ஆணையைப் போடுவதற்கு முந்தைய இரவு வெளியீட்டு ஆவணத்தை ஒழுங்காகப் படித்தேன், அதாவது புதுப் பங்குகளின் உரிமைகள் என்ன என்ற பகுதியை. பழைய பங்குகளுக்கு ஏற்கெனவே 3 டிவிடெண்ட் அறிவித்திருந்தார்கள். யார் யாருக்கு டிவிடெண்ட் என்று முடிவாகும் ரெக்கார்ட் தேதி, புதுப் பங்குகள் ஒதுக்கப்படும் தேதிக்கு முன்னால் வருகிறது. அதாவது இன்று 168-க்குப் போகும் பங்கில் அந்த 3 உள்ளே இருக்கிறது, எனக்கு வரப்போகும் புதுப் பங்கில் இல்லை. ஆக உரிமையின் சரியான மதிப்பு 168 கழித்தல் 3 கழித்தல் 120, அதாவது 45. சந்தை 44 என்கிறது. நான் கண்டுபிடித்த நாலில் மூன்று டிவிடெண்ட். மிச்சம் 1, அதைத் தரகுக் கட்டணமும், பழைய பங்கை விற்பதால் வரும் வரியும் சாப்பிட்டுவிடும். சந்தை என்னைவிட முன்னாலேயே படித்திருந்தது.

அன்றிலிருந்து உரிமை ரொம்ப மலிவாகத் தெரிந்தால் முதலில் ஆவணத்தைத் திறக்கிறேன், புதுப் பங்கும் பழைய பங்கும் எல்லா விதத்திலும் சமம்தானா என்று. சில சமயம் தலைகீழாகவும் நடக்கும், உரிமை கணக்கைவிட விலை அதிகமாகப் போகும். அதற்கு நான் பார்த்த நல்ல உதாரணம் 2020-ல் ரிலையன்ஸ் வெளியிட்ட ரைட்ஸ். 15 பங்குக்கு 1, விலை 1,257, ஆனால் விண்ணப்பிக்கும்போது 314.25 கட்டினால் போதும், மிச்சத்தை 2021-ல் இரண்டு தவணையாகக் கட்ட வேண்டும். இதில் பலர் பங்கு விலையில் 314.25-ஐ மட்டும் கழித்து உரிமை தங்கச் சுரங்கம் என்று நினைத்தார்கள். அது தப்பு, மீதிக் கடன் தலைமேல் இருக்கிறதே. கழிக்க வேண்டியது 1,257-ஐத்தான். ஆனால் முக்கால்வாசிப் பணத்தை ஏறக்குறைய ஒரு வருடமும் அதற்கு மேலும் தள்ளிக் கட்டலாம் என்பதற்கு ஒரு மதிப்பு உண்டு இல்லையா, அதற்காக உரிமை அந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக விற்றால் அதில் அநியாயம் எதுவுமில்லை.

கூடுதலாகப் போவதற்கு இன்னொரு காரணம், பங்கு விலை வெளியீட்டு விலைக்குப் பக்கத்தில் இருப்பது. பங்கு 124, வெளியீடு 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் 4, ஆனால் உரிமை 9-க்குப் போகலாம். கடைசி நாள் வரைக்கும் முடிவெடுக்காமல் இருக்கும் வசதிக்குத்தான் அந்த மீதி 5. பங்கு 140 ஆனால் 20 கிடைக்கும், 110 ஆனால் கட்டாமல் விட்டுவிடலாம், சந்தையிலேயே அதைவிட மலிவாகக் கிடைக்கும். இப்படிப்பட்ட உரிமையில் முதல் நாளே பணம் கட்டுபவர் அந்த 5-ஐத் தூக்கி எறிகிறார். பங்கு வேண்டும் என்றால் உரிமையை 9-க்கு விற்றுவிட்டு, பங்கை 124-க்குச் சந்தையிலேயே வாங்கினால் கையிலிருந்து போவது 115-தான், கட்டி வாங்கினால் 120. என் விஷயத்தில் 168-க்கும் 120-க்கும் தூரம் அதிகம், வாழ்நாளும் இரண்டு வாரம்தான், அதனால் இந்த வசதிக்கு மதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம்.

ஆக என் முடிவுக்கு வருகிறேன். புதிதாக 28,800 போட எனக்கு மனமில்லை, ஏற்கெனவே இந்த ஒரு கம்பெனியில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தேன். முழுக்க விற்கவும் மனமில்லை. நடுவழி ஒன்று உண்டு, பிரிட்டிஷ் சந்தைக்காரர்கள் இதை வாலை விழுங்குவது என்பார்கள்: உரிமையில் ஒரு பகுதியை விற்று, அந்தப் பணத்திலேயே மீதிக்குக் கட்டிவிடுவது. எத்தனை எடுக்கலாம் என்றால், மொத்த உரிமையின் மதிப்பை ஒரு பங்கின் முழு அடக்கத்தால் வகுக்க வேண்டும். 240 பெருக்கல் 44 என்பது 10,560, அதை 164-ஆல் வகுத்தால் 64 சொச்சம். 176 உரிமைகளை விற்றேன், 7,744 வந்தது. 64 பங்குக்கு 7,680 கட்டினேன். மீதி 64 தரகுக் கட்டணத்துக்குக்கூடச் சரியாக வரவில்லை என்பது வேறு விஷயம்.

வரியை இதில் நான் மறந்திருந்தேன். இந்தியாவில், பங்குதாரருக்குத் தானாக வந்த உரிமையை விற்றால் அதன் அடக்க விலை பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வார்கள், விற்ற தொகை முழுவதும் குறுகிய கால லாபம். கட்டி எடுத்த பங்குக்கு அப்போது வரி கிடையாது, பின்னால் விற்கும்போதுதான். அதனால் விற்பதா எடுப்பதா என்று இழுபறியாக இருந்தால் வரி தராசை எடுக்கும் பக்கம் லேசாகச் சாய்க்கும். 44 என்று எழுதிய இடத்திலெல்லாம் வரி போக மிஞ்சுவதைப் போட்டுப் பாருங்கள்.

தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உரிமையை விற்கும் கடைசி நாளும் பணம் கட்டும் கடைசி நாளும் ஒன்றல்ல, விற்பனை சில நாள் முன்னாலேயே முடிந்துவிடும். நண்பர், அந்த 70 லாபக்காரர்தான், கட்டும் கடைசி தேதியை மனதில் வைத்துக்கொண்டு பணம் புரட்டிக்கொண்டிருந்தார். புரளவில்லை. விற்கலாம் என்று பார்த்தால் முந்தைய வாரமே கதவு சாத்தியாகிவிட்டது. அப்புறம் கைமாற்று வாங்கித்தான் கட்டினார்.

உரிமை வியாபாரத்தின் கடைசி நாள் மதியம் சும்மா திரையைப் பார்த்தேன். பங்கு 166, உரிமை 37. டிவிடெண்டைக் கழித்தாலும் 43 வர வேண்டும், இப்போது இடைவெளி 6, இதற்கு எந்த ஆவணத்திலும் காரணம் இல்லை. வெறும் அவசரம், கட்ட முடியாதவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். முதலில் ஒரு எரிச்சல், நான் 44-க்கு விற்றதை மற்றவர் 37-க்கு விற்கிறார்களே என்று சந்தோஷப்படாமல், 44-க்குப் பதில் 37-க்கு வாங்கியிருக்கலாமே என்று தோன்றுகிற அந்த விசித்திரமான எரிச்சல். அப்புறம் கணக்குப் போட்டேன். என் பழைய பங்குகளில் நூறு 175-க்கு வாங்கியவை, அவற்றை விற்றால் நஷ்டக் கணக்குதான், வரி கிடையாது. எங்கள் சந்தையில் முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாக எடுத்துக்கொள்ளப்படும், அந்த நூறும் முதலில் வாங்கியவையே. அந்த நூறை 166-க்கு விற்று, நூறு உரிமையை 37-க்கு வாங்கி, கணக்கில் வந்து சேர்ந்ததும் 120 வீதம் கட்டினேன். அடக்கம் 157, இழந்த டிவிடெண்டையும் சேர்த்து 160. நூறு பங்குக்கு 600.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். குறைந்தபட்சப் பணம் சேராமல் வெளியீடு ரத்தானால் கட்டிய 120 திரும்பி வரும், உரிமைக்குக் கொடுத்த 37 வராது, விற்ற பங்கும் வராது. இந்த வெளியீட்டில் பெரிய பங்குதாரர்கள் தங்கள் பங்கை முழுக்க எடுப்பதாக எழுதிக்கொடுத்திருந்தார்கள், மிச்சத்துக்கும் உத்தரவாதம் இருந்தது, அதனால்தான் துணிந்தேன். ஒதுக்கீடு முடிந்து புதுப் பங்குகள் கணக்கில் வந்து விற்கத் தக்கதாக ஆகும்வரை இரண்டு வாரத்துக்குப் பக்கமாக அவற்றைத் தொடவும் முடியவில்லை. தரகு, கட்டணங்கள் எல்லாம் போகக் கையில் நின்றது ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு, பங்கு எண்ணிக்கை 664.